அவிச்ச வேர்க்கடலை, வறுத்த கடலை, பொரிச்ச கடலை... மாலை ஸ்நாக்ஸுக்கு எதுல கொழுப்பு கம்மி?

சாயந்திரம் 5 மணி ஆனால் டீயோடு கொஞ்சம் கடலை கொறிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வெயிட் குறைக்க நினைப்பவர்கள் தள்ளுவண்டிக்காரரிடம் "வறுத்தது வேணாம்ணே, அவிச்சது கொடுங்க" என்று கேட்டு வாங்குவதையும் பார்க்கலாம். வேகவைத்தால் கடலையில் இருக்கும் எண்ணெய் வெளியே போய்விடும், அதனால் கொழுப்பு பாதியாகக் குறைந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை.

எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் வேகவைத்த வேர்க்கடலையில் சுமார் 318 கலோரி, 22 கிராம் கொழுப்பு. எண்ணெய் இல்லாமல் வறுத்ததில் 587 கலோரி, 50 கிராம் கொழுப்பு. எண்ணெயில் பொரித்ததில் 599 கலோரி, 52 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கொழுப்பு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. அவித்ததற்கும் வறுத்ததற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் எல்லோரும் பயப்படும் பொரித்த கடலைக்கும் வறுத்ததற்கும் வெறும் 12 கலோரிதான் வித்தியாசம். இது எப்படி?

கொழுப்பு எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காய்ந்த வேர்க்கடலைப் பருப்பில் ஈரம் 6 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதையே வேகவைத்தால் 40 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 100 கிராம் காய்ந்த பருப்பை ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு எடை போடுங்கள். 160 கிராமை ஒட்டி வரும். பருப்பு அதே பருப்புதான், கூடிய 60 கிராமும் தண்ணீர். ஆக, 100 கிராம் அவித்த கடலை சாப்பிடும்போது உண்மையில் 60 கிராம் சொச்சம் பருப்பைத்தான் சாப்பிடுகிறோம்.

எண்ணெய் ஏன் தண்ணீரில் கரைந்து போகவில்லை? கடலையின் எண்ணெய் பருப்பின் செல்களுக்குள்ளே நுண்ணிய துளிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவர செக்கில் போட்டு நசுக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீருக்கு அந்த வேலை தெரியாது. வேகவைத்த தண்ணீரில் லேசாக மினுமினுப்பு தெரிந்தாலும் அது பெரிய அளவு கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சீசனில் வயலிலிருந்து பறித்ததும் தோலோடு அவிக்கும் பச்சைக் கடலையில் முற்றாத பருப்பு நிறைய இருக்கும். முற்றாத பருப்பில் எண்ணெயும் முழுசாகச் சேர்ந்திருக்காது. அதனால் அதில் கொழுப்பு நிஜமாகவே கொஞ்சம் குறைவு. விழுப்புரம், கடலூர் பக்கம் அவிச்ச மல்லாட்டை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பால் ருசி தெரிந்திருக்கும்.

ஒரு கைப்பிடியை வைத்துக் கணக்குப் போட்டால்?

30 கிராம் காய்ந்த பருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடி வரும். அதில் சுமார் 170 கலோரி, 15 கிராம் கொழுப்பு.

இதை வேகவைத்தால் 48 கிராம் ஆகும். கலோரி அதே 170-ஐ ஒட்டித்தான். மணலில் போட்டு வறுத்தால் ஈரம் வற்றி 28 கிராம் சொச்சம் ஆகும். கலோரி அப்போதும் அதேதான். எண்ணெயில் பொரித்தால்? ஏற்கெனவே பாதிக்குப் பாதி எண்ணெயாக இருக்கிற பருப்பு, வெளியிலிருந்து அதிகமாக எண்ணெயை இழுக்காது. உருளைக்கிழங்கு போல அது உறிஞ்சுவதில்லை. நன்றாக வடித்தால் கூடுவது ஒரு கிராமை ஒட்டித்தான். வடிக்காமல் அப்படியே தட்டில் கொட்டினால் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் ஒரு டீஸ்பூன் வரை வரலாம், அது மட்டுமே 45 கலோரி.

அப்போ அவிச்ச கடலை சாப்பிடுறது வேஸ்ட்டா? அதுவும் இல்லை. நாம் யாரும் பருப்பை எண்ணிச் சாப்பிடுவதில்லை. வயிறு நிறைகிற மாதிரி தோன்றும் வரை சாப்பிடுகிறோம். தண்ணீர் ஏறிய கடலை சீக்கிரம் வயிற்றை நிரப்பும், தோலை உரித்து உரித்துச் சாப்பிட நேரமும் ஆகும். வறுத்த பருப்பைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் 100 கிராம் எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே அந்த 587 கலோரி ஏறும்போதுதான் சிக்கல். தோலோடு வறுத்ததை வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 100 கிராம் வாங்கினால் தோல் போக 70 கிராம் அளவுக்குத்தான் பருப்பு தேறும், அதாவது 410 கலோரி.

மசாலா கடலையில் கதையே வேற

பேக்கரியில் கிடைக்கும் மசாலா கடலையில் எண்ணெயை இழுப்பது பருப்பு அல்ல, அதன் மேல் இருக்கும் மாவு. அதே 30 கிராம் பருப்புக்கு 10 கிராம் கடலைமாவு பூசி, அது ஒரு டீஸ்பூன் எண்ணெய் குடித்தது என்று வைத்துக்கொள்வோம். மாவுக்கு 39 கலோரி, எண்ணெய்க்கு 45. மொத்தம் 254 கலோரி, கொழுப்பு 20 கிராமைத் தாண்டிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதையே 100 கிராமுக்கு மாற்றினால் 584 கலோரி, கொழுப்பு 48 கிராம். வறுத்த கடலையை விடக் கொஞ்சம் கம்மியாகவே தெரியும்! காரணம், எடையில் ஒரு பங்கு மாவுக்குப் போய்விடுகிறது. கலோரி ஏறக்குறைய அதேதான், ஆனால் கடலையின் புரதம் குறைந்துவிடும். பாக்கெட்டில் பின்பக்க அட்டவணையை மட்டும் பார்த்து "வறுத்ததும் இதுவும் ஒண்ணுதானே" என்று எடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அவித்ததில் உப்பைப் பாருங்க

மேலே சொன்ன அட்டவணையில் உப்புப் போட்டு வேகவைத்த 100 கிராம் கடலையில் சோடியம் 750 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே பொட்டலத்தில் முடிந்துவிடுகிறது. வெந்த பிறகும் உப்புத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருந்தால் உப்பு இன்னும் ஏறும். பிபி இருப்பவர்கள் வீட்டில் உப்பைக் குறைத்துப் போட்டு, வெந்ததும் உடனே வடித்துவிடலாம்.

அதே வெந்த கடலையைச் சுண்டலாகத் தாளித்தால் அந்தக் கணக்கையும் சேர்க்கணும். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு 45 கலோரி, மேலே தூவும் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவலுக்கு இன்னொரு 35 கலோரி வரை. வெங்காயம், மாங்காய், எலுமிச்சைச் சாறு எவ்வளவு போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது.