மேட்டில் ஏறிய கடன்

ரால்ஃப் டீட்டருக்கு ஐந்து வயதில் கண்பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் பொறியியல் படித்தார். அமெரிக்காவின் இண்டியானாவில் பிஸ்டன் ரிங் தயாரித்த பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவரானார். அவருடைய வக்கீலுக்கு கார் ஓட்டும்போது ஒரு பழக்கம். தான் பேசினால் வேகம் குறையும், அடுத்தவர் பேசுவதைக் கேட்டால் கூடும். வேகமானியைப் பார்க்க முடியாத டீட்டருக்கு அந்தத் தள்ளாட்டம் உடம்பிலேயே தெரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் க்ரூஸ் கன்ட்ரோல் என்று சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் தன் கார்களில் அதை ‘ஆட்டோ-பைலட்’ என்ற பெயரில் விற்றது.

உள்ளே இருந்த யோசனை ரொம்பப் பழசு. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னர்தான். இரண்டு இரும்புக் குண்டுகள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பி நீராவி வால்வை மூடும். குறைந்தால் கீழே இறங்கி வால்வைத் திறக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வால்வு கூடுதலாகத் திறந்தே இருக்கணும்னா குண்டு தாழ்ந்தே இருக்கணும். குண்டு தாழ்ந்திருக்கணும்னா வேகம் குறைந்தே இருக்கணும். சுமை ஏறினால் பழைய வேகம் திரும்பவே திரும்பாது.

காரில் வைத்துப் பார்க்கலாம். 1,600 கிலோ எடை, 72 கி.மீ வேகம். சமதளத்தில் காற்றையும் டயர் உரசலையும் தாண்ட சுமார் 360 நியூட்டன் விசை போதும். 4 டிகிரி மேடு வந்தால் புவியீர்ப்பு மட்டும் இன்னொரு 1,100 நியூட்டன் கேட்கும். வேகம் ஒரு கி.மீ குறைந்தால் 200 நியூட்டன் கூட்டித் தருகிற கருவி என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,100 கிடைக்க வேகம் ஐந்தரை கி.மீ குறைந்தாக வேண்டும். மேடு முடியும்வரை கார் 66.5-இலேயே போகும். கருவியை இன்னும் ‘காரமாக’ வைத்தால் இடைவெளி சுருங்கும், ஆனால் கார் வெட்டி வெட்டி ஓடும். வக்கீலே பரவாயில்லை என்றாகிவிடும்.

மேக்ஸ்வெல் (ஆமாம், மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மேக்ஸ்வெல்தான்) 1868-இல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இப்படி இடைவெளி விடுகிற கருவிகளை அவர் கவர்னர் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ‘மாடரேட்டர்’ என்று தனியாக ஒதுக்கினார். பிழையைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போகிற ஏற்பாடு உள்ளதுதான் அவருக்கு உண்மையான கவர்னர். ஒரு கணக்கு நோட்டு மாதிரி: வேகம் குறைந்திருக்கும்வரை ஒவ்வொரு விநாடியும் பாக்கி ஏறும், பாக்கி ஏற ஏற த்ராட்டில் திறக்கும். பிழை பூஜ்யமானதும் நோட்டு அப்படியே நிற்கும், திறந்த த்ராட்டிலும் நிற்கும். 4 டிகிரி மேட்டில் கார் கொஞ்சம் தொய்ந்து மறுபடி 72-க்கு வந்துவிடும்.

காலேஜில் முதல்முறை இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்து 6 டிகிரி மேட்டைக் கொடுத்தேன். மேட்டில் கார் திணறியதைவிட, உச்சியைத் தாண்டியதும் அது சீறிப் பாய்ந்ததுதான் எனக்குப் புரியவில்லை.

6 டிகிரிக்கு மொத்தம் 2,000 நியூட்டன் தேவை. அந்த கியரில் எஞ்சின் தரக்கூடியது 1,800 என்று கொடுத்திருந்தேன். த்ராட்டில் முழுசாகத் திறந்தும் 200 குறைகிறது. 20 விநாடியில் கார் கிட்டத்தட்ட 9 கி.மீ வேகத்தை இழந்து 63-க்கு வருகிறது. த்ராட்டில் சுவரில் முட்டி நிற்பது நோட்டுக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பாக்கி எழுதிக்கொண்டே இருக்கும்: சராசரி 4.5, 20 விநாடிக்கு 90. உச்சி தாண்டியதும் கார் மூன்று நொடிகளில் 72-ஐப் பிடிக்கும், ஆனால் நோட்டு அடங்காது. பழைய சமதளத்துக்கு வேண்டிய பழைய எண்ணுக்கு அது திரும்ப, குறைவாகப் போன அளவு முழுக்க அதிகமாகப் போயே தீர வேண்டும். அதாவது 77-இல் சுமார் 20 விநாடி. நானூறு மீட்டருக்கு மேல். மேட்டு உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாத இடத்தில்! இதைத்தான் ‘வைண்டப்’ என்கிறார்கள்.

மருந்து சின்னதுதான். கேட்டது எவ்வளவு, எஞ்சின் கொடுக்க முடிந்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தையும் நோட்டிடம் சொல்லிவிட வேண்டும்.

```python
u_raw = kp*e + I
u = min(max(u_raw, 0), 1)
I += (ki*e + kt*(u - u_raw))*dt
```

`u` என்பது உண்மையான த்ராட்டில்: 0 மூடியது, 1 முழுத் திறப்பு. முட்டாத வரை `u - u_raw` பூஜ்யம், எதுவும் மாறாது. முட்டியதும் அது எதிர்மறையாகி நோட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த வரியைச் சேர்த்து ஓட்டினேன். 6 டிகிரியில் கார் அதே 63-க்குத்தான் இறங்கியது, அதில் மாற்றமில்லை. ஆனால் உச்சியில் 72-க்கு வந்து கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டு அடங்கியது.

இறக்கத்தில் சுவர் மறுபக்கம் இருக்கிறது. 4 டிகிரி இறக்கத்தில் புவியீர்ப்பு 1,100 நியூட்டன் முன்னால் தள்ளும், எதிர்ப்பு வெறும் 360. த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போனாலும், எஞ்சினின் இழுப்பு மிச்சத்தைத் தாங்காவிட்டால் கார் வேகமெடுக்கும். அப்போது நோட்டில் ஏறும் தலைகீழ் பாக்கியை, அடிவாரத்தில் கார் சோர்ந்து போகாதபடி, அதே வரி பார்த்துக்கொள்ளும். கார் 72-ஐத் தாண்டுவதை அது தடுக்காது. த்ராட்டிலை மட்டும் பிடித்திருக்கிற க்ரூஸ் கன்ட்ரோலில் பிரேக்குக்கு நம் கால்தான்.