மார்ச் 8ஆ, 9ஆ? ஒரு நாள் எங்கே தொடங்குகிறது?

2024 ஆம் ஆண்டு மகா சிவராத்திரி மார்ச் 8, வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். சிவராத்திரி மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரவேண்டியது. ஆனால் 8ஆம் திகதி காலையில் இருந்தது திரயோதசி. சதுர்த்தசி தொடங்கியதே அன்றிரவு 10 மணியளவில்தான். அடுத்தநாள் 9ஆம் திகதி சூரியன் உதிக்கும்போது சதுர்த்தசி. பின்னேரம் ஆறு மணி தாண்டும் வரைக்கும் அதே திதி. அப்போ சிவராத்திரி 9ஆம் திகதிதானே வரவேண்டும்? பஞ்சாங்கக்காரர் பிழை விட்டுவிட்டார்களா?

பிழை ஒன்றும் இல்லை. நாங்கள் கலண்டரைப் பார்க்கும்போது நாள் என்றால் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிவது என்று நினைத்துக்கொள்கிறோம். பஞ்சாங்கத்தின் நாள் அப்படி இல்லை. அது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை போகும். வெள்ளி பிந்திரவு 3 மணி என்றால் கைபேசிக்கு அது சனிக்கிழமை, பஞ்சாங்கத்துக்கு இன்னும் வெள்ளிக்கிழமை. விடிந்தால்தான் சனி.

திதிக்கோ உதயமும் தெரியாது, நள்ளிரவும் தெரியாது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம் ஒரு திதி. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் அது ஏறக்குறைய 19 மணித்தியாலத்திலிருந்து 26 மணித்தியாலம் வரை நீளும். அதனால் ஒரு திதி பகல் 11 மணிக்கும் தொடங்கலாம், இரவு 10 மணிக்கும் தொடங்கலாம். ஒரு நாளுக்கு ஒரு திதியின் பெயர் வைக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு கணத்தைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். பொதுவாகப் பிடிக்கிற கணம் சூரிய உதயம்.

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. எல்லா விரதமும் உதயத்தைப் பார்ப்பதில்லை. பிரதோஷம் மாலையில் செய்யும் பூசை, ஆகவே அது சூரியன் மறையும் நேரத்தில் திரயோதசி இருக்கிறதா என்று பார்க்கும். சிவராத்திரி இரவுக்கானது, அது நள்ளிரவில் சதுர்த்தசி இருக்கிறதா என்று பார்க்கும். இப்போது 2024ஐத் திரும்பப் பாருங்கள். மார்ச் 8 மாலையில் திரயோதசி, ஆகவே அன்று பிரதோஷம். அன்று நள்ளிரவில் சதுர்த்தசி, ஆகவே அன்றே சிவராத்திரி. 9ஆம் திகதி நள்ளிரவுக்கு முன்னரே அமாவாசை திதி தொடங்கிவிட்டது. சிவராத்திரிக்கு வேறு இரவே இல்லை.

ஆக, கேள்வி ஒன்றல்ல, இரண்டு. நாள் எப்போது தொடங்குகிறது? அந்த அனுட்டானம் நாளின் எந்த நேரத்தைப் பார்க்கிறது? திகதிச் சண்டைகள் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை.

எங்கள் நாட்டிலேயே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. முஸ்லிம்களின் நாள் சூரியன் மறைவதோடு தொடங்கும். முதலில் இரவு, பிறகு பகல். அதனால்தான் முதல் நோன்பு பிடிப்பதற்கு முன்னரே முதல் தராவீஹ் தொழுகை நடந்துவிடுகிறது. ஷஃபான் 29ஆம் நாள் மஃரிபோடு பிறை கண்டால் அந்தக் கணமே ரமழான். கலண்டரில் 'ரமழான் ஆரம்பம்' என்று போட்டிருக்கும் கட்டம் அடுத்தநாள் பகலைத்தான் காட்டுகிறது. பிறை தெரியாவிட்டால் ஷஃபான் 30 நாளாக நிறைவு பெறும். பெருநாளும் இப்படித்தான். முதல்நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும்வரைக்கும் நாளைக்குப் பெருநாளா, நோன்பா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இது தெரியாவிட்டால் சின்னச் சின்னத் தவறுகள் வரும். 'ரமழான் 27ஆம் இரவு' என்று ஒரு நண்பன் சொன்னால், 27ஆம் நோன்பு திறந்த பிறகு வரும் இரவு என்று மற்றவர் கணக்குப் போடுவார். உண்மையில் அது 26ஆம் நோன்பு திறந்ததும் தொடங்கும் இரவு. ஒருநாள் பிந்திப் போனால் அது 28ஆம் இரவு.

யூதர்களின் ஓய்வுநாளும் வெள்ளி மாலை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். அந்த வழக்கத்தின் எச்சம் கிறிஸ்தவத்திலும் உண்டு. கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குச் சரி. உயிர்ப்பு விழாவின் பாஸ்கா திருவிழிப்பும் சனி இரவில்தான்.

சரி, இந்த நள்ளிரவு எங்கிருந்து வந்தது? கி.பி. முதலாம் நூற்றாண்டு உரோம எழுத்தாளர் பிளினி, அன்றைக்கு இருந்த வழக்கங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். பாபிலோனியருக்கு உதயம், ஏதென்ஸ்காரருக்கு அஸ்தமனம், உரோமப் பூசாரிகளுக்கு நள்ளிரவு. அந்த உரோமக் கணக்குத்தான் பிற்பாடு ஐரோப்பிய நிர்வாகத்தோடு எங்களிடமும் வந்து சேர்ந்தது. அதற்காக நள்ளிரவை 'மேற்கத்தையது' என்று ஒதுக்கவும் முடியாது. ஆரியபட்டர் உதயத்திலிருந்து ஒரு கணக்கும் நள்ளிரவிலிருந்து இன்னொரு கணக்கும் தந்தவர். மறுபக்கம், ஐரோப்பிய வானியலாளர்கள் 1924 முடியும் வரைக்கும் தங்கள் நாளை நண்பகலில்தான் தொடங்கினார்கள். இரவு முழுக்க வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு நடுவில் திகதி மாறுவது தொல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்கு வசதியான இடத்தில் கோட்டைக் கிழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கோடுகள் வீட்டுக்குள் வந்து உறைக்கிற இடம் திவசம். செவ்வாய் இரவு கழிந்து 2 மணிக்கு ஒருவர் இறந்தால், மரணச் சான்றிதழில் புதன்கிழமைத் திகதி இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் 'செவ்வாய் பிந்திரவு' என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் திவசத்துக்கு இரண்டுமே போதாது. உயிர் பிரிந்த நேரத்தில் எந்தத் திதி நடந்தது என்று பார்க்க வேண்டும், அதற்கு மணி தெரியவேண்டும். சான்றிதழில் உள்ள திகதியை மட்டும் வைத்து, அன்றைய காலைத் திதியை எடுத்தால் ஒரு திதி தவறிப்போகலாம். இறந்த நேரத்தையும் எங்காவது எழுதிவையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும், உதயமும் நள்ளிரவும் ஊருக்கு ஊர் மாறும். 2024 இல் யாழ்ப்பாணத்தில் இரவு 10 மணியளவில் சதுர்த்தசி தொடங்கியபோது சிட்னியில் 9ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணி. அந்த இரவின் நள்ளிரவு அங்கே ஏற்கெனவே கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 8ஆம் திகதி என்று முடிவுசெய்த காரணம் சிட்னிக்குப் பொருந்தவில்லை. ஊர்க் கலண்டரைப் படம் பிடித்து அனுப்பி, 'இதுதான் சரியான நாள்' என்று சொல்ல முடியாதது இதனால்தான். அந்த ஊரின் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் வேண்டும்.

அடுத்தமுறை குடும்ப வட்ஸ்அப் குழுவில் '8ஆ, 9ஆ' என்று சண்டை தொடங்கினால், யார் சரி என்று கேட்க முன்னம் இதைக் கேட்டுப் பாருங்கள்: எந்த ஊரில், நாளின் எந்த நேரத்தில்? பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.