கல்லைக் கழித்துத்தான் எடை

எங்கள் ஆம்பூர் பஜாரில் பழைய நகையை விற்கப் போகிறவர்கள் தராசைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வாங்கும்போது இருபத்தெட்டு கிராம் என்றீர்கள், இப்போது இருபத்துநாலு என்கிறீர்களே, மிச்சம் எங்கே போயிற்று?" ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து சம்பளம் நின்ற மாதத்திலும், பெண்ணின் கல்யாணத்துக்கு நகை மாற்றும்போதும் இந்தக் கேள்வி வரும். கடைக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "அது கல் எடை, அம்மா. கழித்துத்தான் வாங்குவோம்." கேட்பவருக்கு அது ஏமாற்று வேலையாகவே தோன்றும். வங்கியில் நகைக்கடன் பிரிவில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடமும் இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

கழிப்பது புதுப் பழக்கமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கல்லில் வெட்டி வைத்த கணக்கு அது. பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும்.

முதலாம் ராஜராஜன் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-ஆம் ஆண்டையொட்டி. அவனும், அவன் அக்காள் குந்தவையும், அரசியரும், அதிகாரிகளும் கொடுத்த நகைகளின் பட்டியல் கோயிலின் சுவரிலும் திருச்சுற்று மாளிகைத் தூண்களிலும் வெட்டப்பட்டிருக்கிறது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்துப் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இவற்றைக் காணலாம். பக்திப் பட்டியல் என்று எண்ணிப் புரட்டினால், அடகுக் கடைப் பேரேடு போல இருக்கும்.

அங்கே தராசில் வைக்க இரண்டு வகை எடைக்கல் இருந்தன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல். ரத்தினங்களை நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்ற வேறு கல். இரண்டுமே அந்தக் கோயில் இறைவனின் பெயர்கள். அளவு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னுக்கு ஒரு கணக்கு, மணிக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நகையில் இருக்கும் சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கி நிறுத்தோம் என்றும் கல்வெட்டு சொல்கிறது. சரடு என்றால் கோத்த நூல். சட்டம் என்றால் மணி பதித்த கூடு. செப்பாணி, பெயரே சொல்வது போல, செம்பு ஆணி. சில நகைகளுக்கு உள்ளே அரக்கு இருப்பதையும் மறைக்காமல் எழுதி, அதுவும் சேர்ந்து இவ்வளவு நிறை என்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் காரணம் எளிது. கோயில் பண்டாரத்தில் இருக்கும் நகையைப் பின்னால் வருகிற அதிகாரி எடுத்து நிறுத்துப் பார்ப்பான். நூல் இற்றுப்போகும், அரக்கு உதிரும், ஆணி மாற்றப்படும். மொத்த எடையை மட்டும் எழுதி வைத்தால், ஒருவன் கொஞ்சம் பொன்னைச் சுரண்டிவிட்டு அதே நிறைக்கு அரக்கை அடைத்து வைக்கலாம். தராசு அதைச் சொல்லாது. பொன்னைத் தனியாக எழுதி வைத்தால் அந்தத் திருட்டுக்கு இடமில்லை.

ஆனால் ராஜராஜன் காலத்தவர்கள் கல்லைக் கழித்ததோடு அதைத் தூக்கி எறியவில்லை. வைரம் எத்தனை, அதில் புள்ளி விழுந்தது எத்தனை, முத்தில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, சப்பத்தி எத்தனை என்று எண்ணித் தரம் பிரித்திருக்கிறார்கள். கடைசியில் அந்த நகை இத்தனை காசு பெறும் என்று விலையும் எழுதியிருக்கிறார்கள். பொன்னுக்கு நிறை, மணிக்கு எண்ணிக்கையும் தரமும் என்பது அவர்கள் வைத்த முறை. இன்றைய கடையில் முதல் பாதி மட்டும் மிச்சமிருக்கிறது. கல்லைக் கழிக்கிறார்கள், அதற்கு விலை போடுவதில்லை.

அந்த இரண்டாம் பாதி போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1902-இல் வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர், அலுமினாப் பொடியை நெருப்புச் சுடரில் உருக்கிச் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். பொருளில் அது சுரங்கத்துக் கெம்புதான். விலையில் அதன் பக்கத்திலும் வராது. 1970-களில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று நாம் சொல்லும் ஜிர்கோனியா கல் பெருமளவில் சந்தைக்கு வந்தது. கண்ணாடிக் கல் அதற்கு முன்பே இருந்தது. இப்போது அட்டிகையில் சிவப்பாக மின்னுவது பர்மாக் கெம்பா, செயற்கையா, வெறும் கண்ணாடியா என்று கடைப் பையன் கண்ணால் சொல்ல முடியாது. சாதாரணக் கல் நகையில் இருப்பது பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்று. அதைக் கழற்றினால் மறுபடி வாங்க ஆளில்லை.

எனாமலும் மணியும் இன்னும் மோசம். மீனா வேலை என்பது வண்ணக் கண்ணாடிப் பொடியைத் தங்கத்தின் மேல் வைத்துச் சூளையில் உருக்கி ஒட்டுவது. பழைய நகையை உருக்கும்போது வெங்காரம் போட்டால் அந்தக் கண்ணாடி கசடாக மேலே மிதந்துவிடும். முத்தும் பவழமும் சுண்ணாம்பு வகை. அந்தச் சூட்டில் நிற்காது. அரக்கு புகையாகப் போய்விடும். நம் ஊரில் முஸ்லிம் வீடுகளில் போடும் கருகமணியில் தங்கக் குண்டுக்கு இடையில் இருப்பது கண்ணாடி மணிதான். மூசையிலிருந்து ஊற்றி எடுக்கும்போது கையில் வருவது தங்கம் மட்டுமே. கடைக்காரர் அதற்குத்தான் பணம் தருகிறார்.

அப்படியானால் ஏமாற்று எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் விற்கும் நாளில் நடப்பதில்லை. வாங்கிய நாளிலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு கல் அட்டிகையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 28 கிராம். அதில் கல்லும் அரக்கும் 3.2 கிராம். தங்கம் 24.8 கிராம். கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்றும், சேதாரம் 12 சதவீதம் என்றும் வைப்போம், வரியை விட்டுவிடுவோம். நேர்மையான பில்லில் 24.8 கிராமுக்கு மட்டும் தங்க விலை, அதற்கு மட்டும் சேதாரம் 2.976 கிராம், ஆக 2,77,760 ரூபாய். கல்லுக்கு உரிய சிறு தொகை தனி வரியில் வரும். மற்றொரு கடையில் 28 கிராமையும் தங்கமாகவே எண்ணிச் சேதாரமும் அதன் மேலேயே போட்டால் 3,13,600 ரூபாய். வித்தியாசம் 35,840. கண்ணாடிக்கும் அரக்குக்கும் தங்க விலை கொடுத்திருக்கிறோம். அந்தக் கண்ணாடிக்குச் சேதாரமும் கொடுத்திருக்கிறோம். பத்து வருடம் கழித்து வேறொரு கடையில் 3.2 கிராம் கழிக்கும்போது அவரைத்தான் திட்டுவோம். அவர் செய்தது சரியான கணக்கு.

வாங்குகிறவர் பக்கம் நடக்கும் தவறு வேறு மாதிரி. பில் இல்லாவிட்டால் கல் எடையைக் கண்ணால் மதிப்பிடுவார்கள். 3.2 இருக்க வேண்டிய இடத்தில் "நாலு கிராம்" என்றால் 0.8 கிராம் தங்கம், அதாவது 8,000 ரூபாய், நம் கையை விட்டுப் போகிறது. கல் பெரிதாகத் தெரிந்தாலும் லேசானது. கண்ணாடி தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு கனம். 22 கேரட் தங்கம் பதினேழு மடங்குக்கு மேல். அரக்கோ தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கூட. பட்டை தீட்டிய மூன்று மில்லிமீட்டர் வட்ட வைரம் ஏறக்குறைய 0.02 கிராம். அதே அளவில் கண்ணாடி அதைவிடக் குறையும், ஜிர்கோனியா ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரும். ஆகவே அந்த அளவில் ஐம்பது வெள்ளைக் கல் வைத்த நகைக்கு இரண்டு கிராமுக்கு மேல் கழித்தால் ஏன் என்று கேட்கலாம். பின்பக்கம் மூடிய பழைய பதக்கமாக இருந்தால் உள்ளே அரக்கு இருக்கும். அங்கே எண்ணிப் பார்ப்பது உதவாது. அப்போது கல்லைக் கழற்றி, அரக்கை எடுத்து, மிச்சத்தை நம் எதிரிலேயே நிறுக்கச் சொல்வதுதான் வழி. கழற்றிய கல் நம்முடையது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உரைகல்லோ இப்போது கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியோ இதில் உதவாது. இரண்டும் தொட்ட இடத்துத் தங்கத்தின் தரத்தைச் சொல்லும். உள்ளே எவ்வளவு தங்கம் என்று சொல்லாது. ஹால்மார்க் கட்டாயமானபோதும் குந்தன், போல்கி, ஜடாவு நகைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அவற்றில் அரக்கும் கல்லும் சுத்தத் தங்கத் தகடும் பின்னிக் கிடப்பதால் ஒரே தரம் என்று முத்திரை குத்துவது கடினம். அப்படிப்பட்ட நகைக்கு வாங்கிய பில்லை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் எதிரில் இருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சான்றில் மொத்த எடை, நிகரத் தங்க எடை, கழித்தது எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். எவற்றைக் கழிப்பது என்பதற்கு அதில் வரும் பட்டியல்: கல், அரக்கு, கலப்பு உலோகம், நூல், கொக்கி முதலிய இணைப்புகள். தஞ்சைச் சுவரில் இருக்கும் சரடு, சட்டம், செப்பாணியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் படித்திருக்க மாட்டார்கள். நகை செய்யும் விதம் மாறாததால் கழிக்கும் பட்டியலும் மாறவில்லை.

ஆகவே கல் நகை வாங்கும் நாளில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹால்மார்க் நகைக்கு நிகரத் தங்க எடையை பில்லில் காட்ட வேண்டும் என்பது விதி. சேதாரம் எந்த எடையின் மேல் போட்டார்கள் என்பதையும் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். பிறகு அந்தப் பில்லை நகைப் பெட்டியிலேயே மடித்து வையுங்கள். வெப்பத்தில் எழுத்து மங்கும் காகிதமாக இருந்தால் ஒரு நகல் எடுத்துச் சேர்த்து வைப்பது நல்லது.