சீவிய உரித்து பிறந்த கதை

யாழ்ப்பாணத்துச் சீதன உறுதிகளில் ஒரு வரியைப் பார்க்கலாம். கணவனை இழந்த தாய், தன் பெயரிலுள்ள வீட்டையும் வளவையும் மகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறாள். தன் சீவிய உரித்தை மட்டும் தனக்கு வைத்துக்கொள்கிறாள். அன்றிலிருந்து சொத்து மகளுடையது. ஆனால் தாய் கண்மூடும்வரை அவளை அங்கிருந்து எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. இந்த ஏற்பாடு பிறந்த இடம் பழைய ரோம். அங்கும் ஒரு விதவையின் தேவைக்காகத்தான் பிறந்தது.

பழங்கால ரோமில் மணமான பெண் கணவன் குடும்பத்துக்குள் மகளைப் போலச் சேர்ந்துவிடுவாள். அவன் இறந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து அவளுக்கும் பங்கு உண்டு. பிறகு வழக்கம் மாறியது. கல்யாணத்துக்குப் பின்னும் பெண் பிறந்த வீட்டுக்கே உரியவளாக இருந்தாள். கணவன் வீட்டை அவள் பெயருக்கே எழுதிவைத்து, அவள் உயில் எழுதாமல் இறந்தால், அது அவள் பிறந்த வீட்டுச் சொந்தங்களுக்குப் போய்விடும். அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் உரிமை கி.பி. 178இல்தான் சட்டமாயிற்று. சரி, பிள்ளைகளுக்கே எழுதிவிடலாமென்றால், அவள் எங்கே போவாள்? இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் ரோமானியர் கண்ட வழிதான் சொத்தைப் பிரிப்பது: உடைமை பிள்ளைகளுக்கு, அனுபவம் விதவைக்கு, அவள் ஆயுள் உள்ளவரை.

எல்லை எதுவரை என்ற கேள்வி உடனே வந்தது. சட்ட அறிஞரான நண்பருக்காகச் சிசரோ கி.மு. 44இல் எழுதிய நூலில் இப்படி ஓர் உதாரணம் வருகிறது. கணவன் தன் சொத்தின் அனுபவத்தை மனைவிக்கு விட்டுப் போகிறான். நிலவறைகளில் திராட்சை மதுவும் எண்ணெயும் நிறைந்திருக்கின்றன. அவை தனக்கு என்று அவள் நினைக்கக் கூடாது என்கிறார் சிசரோ. அனுபவிக்கத்தான் உரிமை, தீர்த்துவிட அல்ல. மனிதாபிமானமாகப் பார்த்தால் எனக்கு இது கடுமையாகத்தான் படுகிறது. பின்னாளில் ரோம் செனட்டும் இதைத் தளர்த்தியது: பின்னர் ஈடுசெய்யப் பிணை கொடுத்தால் தீர்ந்துபோகும் பொருளையும் பயன்படுத்தலாம் என்றது.

வீட்டைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் எழுதியவை 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த டைஜெஸ்டில் உள்ளன. அனுபவ உரிமைக்காரி வீட்டில் குடியிருக்கலாம், வாடகைக்கும் விடலாம். வெளிச்சம் வர ஜன்னல் திறக்கலாம், சுவரில் ஓவியம் தீட்டலாம். ஆனால் பூசாமல் விடப்பட்ட சுவரைப் புதிதாகப் பூசக் கூடாது, அதனால் உடைமைக்காரனுக்கு நன்மையே என்றாலும்! பெற்றதைப் பேணுவது வேறு, புதிதாகச் செய்வது வேறு என்பதே காரணம். கூரை ஒழுகினால் திருத்துவது அவள் பொறுப்பு. பழசாகித் தானாக விழுந்ததைத் திரும்பக் கட்ட அவளைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது ஒல்லாந்தில் வழங்கிய இந்த ரோமச் சட்டமும் கூட வந்தது. ஆங்கிலேயர் அதை மாற்றாமல் விட்டார்கள். தேசவழமையோ எழுத்துச் சட்டமோ பேசாத விடயங்களில் இன்றும் இலங்கையில் அந்த ரோம-ஒல்லாந்துச் சட்டமே நிற்கிறது.

நம் தாயையும் மகளையும் இனிப் பார்ப்போம். மகள் அந்த வீட்டை விற்கலாம். வாங்குபவருக்குத் தாயின் உரித்தோடுதான் கிடைக்கும், அவர் காத்திருக்க வேண்டும். தாய் முன்னறையை வாடகைக்கு விட்டால் அந்தக் காசு அவளுக்கே. ஆனால் அவள் இறந்ததும் உரித்து அங்கேயே தீர்ந்துவிடும், மற்றப் பிள்ளைகளுக்குப் பங்காகாது. பிரச்சினை வருவது அந்த ஒரு வரி விடுபட்டால்தான். "பிள்ளை பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் அதை எழுதாமல் கையொப்பமிட்ட தாய்க்கு, உறவு முறிந்த நாளில் காட்ட ஓர் ஆவணமும் இருக்காது. காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840இன் கட்டளைச் சட்டம். வாய்ப்பேச்சை நம்பி இதில் இறங்கக் கூடாது.

அந்த வரியில் என்ன எழுதுவது என்பதற்கும் டைஜெஸ்டில் ஒரு பாடம் உண்டு. ஒருத்திக்கு வீட்டின் அனுபவம் மட்டும் கொடுக்கப்பட்டு அது எரிந்துபோனால், வெறும் மனையிலும் அவளுக்கு உரிமை இல்லை. காணியின் அனுபவம் கொடுக்கப்பட்டு அதிலிருந்த வீடு இடிந்தாலோ, அவள் உரிமை காணியில் தொடரும். வீடு காணியைச் சேர்ந்த ஒன்றுதான் என்றார் ரோமச் சட்ட அறிஞர் உல்பியன். ஷெல் விழுந்து கூரையில்லாமல் போன வீடுகளைப் பார்த்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. தாய் கையொப்பமிடுமுன் நொத்தாரிசிடம் கேட்டு, வீட்டோடு வளவையும் அந்த வரிக்குள் எழுதச் சொல்ல வேண்டும்.