பிரஸ் நிற்கும் நேரம்: ஹிரோஷிமாவிலிருந்து அம்பத்தூர் வரை

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் நடந்தால் தகடு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பட்டறையில் மட்டும் சத்தம் திடீரென்று நின்று, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்தால் மின்வெட்டு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அங்கே டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்!

டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. மேல்பாதி பிரஸ்ஸின் ராமில் இருக்கும், கீழ்பாதி மேஜையில் இருக்கும். சின்னப் பட்டறையில் ஒரே பிரஸ்ஸில் காலையில் பிராக்கெட், மாலையில் வாஷர் என்று பல ஜாப் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய டையை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் மெஷினும் ஆளும் சம்பாதிப்பதில்லை.

இதற்குப் பழைய காலத்துத் தீர்வு ஒன்று உண்டு. ஒருமுறை டை ஏற்றினால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை அடித்துக் குவித்துவிடுவது. பி.காம். மாணவர்கள் செலவுக் கணக்கியலில் படிக்கும் சிக்கன ஆர்டர் அளவு சூத்திரம் இந்த யோசனையின் கணித வடிவம்தான். 1913-ல் அமெரிக்கரான ஃபோர்டு ஹாரிஸ் கொடுத்தது. டை மாற்றும் செலவு கூடினால் அதிகமாக அடி, இருப்பு வைக்கும் செலவு கூடினால் குறைவாக அடி என்கிறது அது. கணக்கு சரிதான். ஆனால் டை மாற்றும் செலவை அது மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. அது ஏன் மாறக்கூடாது என்று கேட்டவர்களில் முக்கியமானவர் ஷிகியோ ஷிங்கோ.

காணாமல் போன போல்ட்

1950-ல் ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ (இன்றைய மாஸ்டா) தொழிற்சாலையில் பெரிய பிரஸ்கள் வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறின. இன்னும் சில மெஷின் வாங்கலாம் என்றார் மேலாளர். ஆலோசகராக வந்த ஷிங்கோ, முதலில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்கிறேன் என்றார். 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றும்போது தொழிலாளி ஒருவர் திடீரென்று ஓடினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்பினார். டையைப் பிடிக்கும் போல்ட் ஒன்றைக் காணவில்லையாம். வேறு மெஷினுக்கான நீள போல்ட்டை எடுத்து, வெட்டி, மரை போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் பிரஸ் சும்மா நின்றது.

இங்கேதான் ஷிங்கோ டை மாற்றும் வேலையை இரண்டாகப் பிரித்தார். மெஷின் நின்றால் மட்டுமே செய்யக்கூடியது 'உள் வேலை': டையைக் கழற்றுவது, மாட்டுவது. மெஷின் ஓடும்போதே செய்து முடிக்கக்கூடியது 'வெளி வேலை': போல்ட்டைத் தேடி வைப்பது, அடுத்த டையைக் கொண்டுவருவது. டை ஒவ்வொன்றுக்கும் தேவையான போல்ட்களைத் தனிப் பெட்டியில் போட்டு வைத்ததும், புது மெஷின் வாங்காமலே நெருக்கடி தீர்ந்தது.

1969-ல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அது 90 நிமிடமாகக் குறைந்தது. பிறகு நிர்வாகம் மூன்று நிமிடம் என்று இலக்கு வைக்க, அதையும் எட்டினார்கள். பிரித்தால் மட்டும் போதாது, உள் வேலையையே வெளி வேலையாக மாற்ற வேண்டும் என்பதை ஷிங்கோ அங்கேதான் முழுமையாக வகுத்தார். இது அவர் ஒருவரின் சாதனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே டொயோட்டாவின் சொந்த ஆட்கள் பல பிரஸ்களில் நேரத்தைப் பெருமளவு குறைத்திருந்தார்கள்.

ஒரு கணக்கு

அம்பத்தூர் பட்டறை ஒன்றில் டை மாற்ற 120 நிமிடம் ஆவதாக வைத்துக்கொள்வோம். ராக்கிலிருந்து டையைக் கொண்டுவர 25, போல்ட், கிளாம்ப், ஸ்பேனர் தேட 15, தகடு எடுத்துவர 10. பழைய டையைக் கழற்றி இறக்க 15, புதியதை ஏற்றி நேராக நிறுத்த 20, ராமின் உயரம் சரிசெய்ய 15, மாதிரி அடித்து அளந்து திருத்த 20.

முதல் மூன்றும் வெளி வேலை. பழைய ஜாப் ஓடும்போதே அவற்றை முடித்தால் 50 நிமிடம் போய் 70 மிஞ்சும். இதற்கு ஒரு டிராலியும் ஒரு பட்டியலும் போதும்.

அடுத்தது மாற்றம். உயரம் குறைந்த டைகளுக்கு அடியில் பட்டைத் தகடு நிரந்தரமாக வைத்து எல்லா டையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் ராமைத் தொடவே வேண்டாம். மேஜையில் பின் வைத்தால் டை தானாக இடத்தில் உட்காரும். கிளாம்ப் பிடிக்கும் இடமும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே நீள போல்ட் போதும். டை நேராக உட்கார்ந்தால் மாதிரி அடித்துத் திருத்துவதும் குறையும். 70 நிமிடம் 30 ஆகலாம்.

இப்போது ஹாரிஸ் சூத்திரத்துக்குத் திரும்புவோம். அதில் டை மாற்றும் செலவு வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. செலவு கால்பங்கானால் ஒருமுறை அடிக்கும் அளவு பாதியாகும். 4000 பீஸ் அடித்தவர் 2000 அடித்தால் போதும். கிடங்கில் தூங்கும் சரக்கும் அதற்கான வங்கி வட்டியும் பாதி!

பாடியும் பட்டறைகளும்

பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். லூகாஸ் டிவிஎஸ் 2004-ல் பெற்றது. அது மொத்தத் தர நிர்வாகத்துக்கான பரிசு, டை மாற்றுவதற்கு அல்ல. ஆனால் இப்படிப்பட்ட ஜப்பானிய முறைகளில் சரக்கைக் குவித்து வைப்பதே ஒரு குறை. வாங்கும் கம்பெனி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால், சப்ளை செய்யும் பட்டறைக்கு இரண்டு வழிதான். டையை வேகமாக மாற்ற வேண்டும், அல்லது அந்தச் சரக்கைத் தன் கிடங்கில், தன் கடனில் சுமக்க வேண்டும். இரண்டாவது வழியில் இருப்பு ஒழிவதில்லை, பெரியவரிடமிருந்து சின்னவரிடம் இடம் மாறுகிறது.

ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. டை மாட்டியதும் கடிகாரத்தை நிறுத்தினால் கணக்கு அழகாக இருக்கும். பழைய ஜாப்பின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய ஜாப்பின் முதல் நல்ல பீஸ் வரை எண்ணுவதே உண்மையான நேரம். வெளி வேலை மறைந்துவிடுவதும் இல்லை. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலி உண்டு. ஆர்டர் இல்லாமல் நிற்கும் பிரஸ்ஸில் நேரம் மிச்சம் பிடித்தால் பணம் வராது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது விரல். மெக்கானிக்கல் பிரஸ்ஸில் மோட்டாரை அணைத்த பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை காத்திருப்பதும், ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைப்பதும் உள் வேலைதான். அந்த நிமிடங்களைக் குறைக்கச் சொல்லி ஷிங்கோவின் முறையில் எங்கும் இல்லை. குறைக்க வேண்டியது போல்ட் தேடும் நேரத்தை!