மைட்டோகாண்ட்ரியா நோய்களில் கிரியேட்டின்: ஆய்வு வரலாறு

கிரியேட்டின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒரு பொருள். நம் உடலும் இதை ஓரளவு தயாரித்துக்கொள்கிறது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் இதை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். தசையில் இது பாஸ்பேட்டோடு சேர்ந்து பாஸ்போகிரியேட்டினாகச் சேமிக்கப்படுகிறது. கடும் உழைப்பின் முதல் சில நொடிகளில், செலவாகும் ஏடிபியை உடனே மீட்டுத் தருவது இச்சேமிப்பே.

ஏடிபியைத் தொடர்ந்து தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியாக்கள். மரபணுப் பிழையால் அவை சரிவர இயங்காதபோது தசை விரைவில் சோர்ந்துவிடும். உற்பத்தி குறைந்தால் சேமிப்பையாவது கூட்டலாமே என்ற எண்ணத்தில் ஆய்வுகள் தொடங்கின.

கனடாவின் ஹாமில்டன் நகரில் மார்க் டார்னோபோல்ஸ்கி குழுவினர் 1997இல் முதல் கட்டுப்படுத்தப்பட்ட சோதனையை வெளியிட்டனர். அதில் ஏழு நோயாளிகள் கலந்துகொண்டனர். பெரும்பாலோருக்கு மெலாஸ் என்னும் நோய் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டத்தில் கிரியேட்டினும் மற்றொரு கட்டத்தில் வெற்று மருந்தும் தரப்பட்டன. கிரியேட்டின் அளவு இரண்டு வாரம் நாளொன்றுக்கு 10 கிராம், பின் ஒரு வாரம் 4 கிராம். கைப்பிடி வலு போன்ற கடும் முயற்சிகளில் முன்னேற்றம் தெரிந்தது. மெதுவான உழைப்பில் மாற்றம் இல்லை.

2000இல் ஜெர்மனியின் தாமஸ் கிளாப்ஸ்டாக் குழுவினர் 16 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தனர். குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 2005இல் வெளியான மற்றொரு ஜெர்மானிய ஆய்வு, 15 நோயாளிகளின் தசையைக் காந்த அதிர்வு முறையில் அளந்தது. அங்கும் ஆற்றல் உற்பத்தி மேம்படவில்லை.

அளவு கூடியும் பயன் கூடாதது ஏன்? முதலாவது, நோயாளிகள் வேறு. ஜெர்மானிய ஆய்வுகளில் இருந்தோரில் பலருக்குக் கண் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் வகை நோய். மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற ஒரே பெயரில் பல நோய்கள் அடங்கியுள்ளன.

இரண்டாவது, அளந்தது வேறு. மோட்டார் பழுதான வீட்டில் மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது இம்மருத்துவம். சிறிது நேரம் தண்ணீர் வேகமாக வரும், ஆனால் மோட்டார் சரியாகாது. அதனால் சில நொடி வலுவை அளந்தால் பயன் தெரியலாம். நீண்ட நேர உழைப்பையோ ஆற்றல் உற்பத்தியையோ அளந்தால் தெரியாது.

மூன்றாவது, தொடக்கச் சேமிப்பு வேறு. நலமானவர்களிடம் ராஜர் ஹாரிஸ் குழுவினர் 1992இல் செய்த ஆய்வில், சேமிப்பு குறைவாக இருந்தவர்களின் தசையே கிரியேட்டினை அதிகம் ஏற்றது. சைவ உணவுக்காரர்களிடம் இச்சேமிப்பு பொதுவாகக் குறைவு. ஏற்கெனவே நிறைந்த தசையில் கூடுதலாகச் சேர இடமில்லை.

ஏழு பேர், பதினாறு பேர் என்ற எண்ணிக்கையில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். இரண்டொருவரின் மாற்றமே சராசரியைத் திருப்பிவிடும். 2012இல் காக்ரேன் மதிப்பாய்வு எல்லா மருத்துவ முறைகளையும் சேர்த்துப் பார்த்து, எதற்கும் தெளிவான சான்று இல்லை என்று முடிவு கூறியது. பயனில்லை என்று நிறுவப்பட்டதாக இதற்குப் பொருள் அல்ல.