சேவை ஒப்பந்தங்களில் தரவுக் கடமைகள்: 72 மணி நேரத்தின் வரலாறு

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் தரவை வேறொரு சேவை வழங்குநரிடம் ஒப்படைக்கும்போது, அவ்வழங்குநரின் கடமைகளை ஒப்பந்தமே வரையறுக்கிறது. தனியுரிமை ஆய்வாளர் அதிலிருந்து மூன்றைப் பிரித்தெடுக்கிறார்: செயலாக்கக் கடமை, கசிவை அறிவிக்கும் காலக்கெடு, தணிக்கை உரிமை. இம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல.

தோற்றம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1995ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு நெறியாணை, செயலாக்குநர் கட்டுப்பாட்டாளரின் அறிவுறுத்தல்படியே செயல்பட வேண்டும் என்றும், தரவைப் பாதுகாக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னது. கசிவை அறிவிக்கும் கடமை அதில் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பிறருடைய தரவை வைத்திருப்போர் கசிவைக் கண்டவுடன் அதன் உரிமையாளருக்குத் தெரிவிக்கக் கட்டளையிட்டது.

2018 மே 25 முதல் செயல்படும் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை மூன்றையும் ஒன்றிணைத்தது. அதன் 28ஆம் உறுப்பு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. நேரடி ஆய்வு உள்ளிட்ட தணிக்கைக்கு இடமளிப்பதும் அவற்றுள் ஒன்று. 33ஆம் உறுப்பின்படி, கட்டுப்பாட்டாளர் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாக்குநருக்கோ மணிக்கணக்கு இல்லை. தேவையற்ற தாமதமின்றிக் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டுமே உள்ளது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

செயலாக்குநர் அறிந்ததுமே கட்டுப்பாட்டாளரும் அறிந்ததாகக் கொள்ளலாம் என்று 2017இல் வெளியான வழிகாட்டுதல் வரைவு கூறியது. 2018இல் இறுதி வடிவம் இதை மாற்றி, செயலாக்குநர் தெரிவித்த பிறகே அறிந்ததாகும் என்றது. இதனால் செயலாக்குநர் எடுத்துக்கொள்ளும் நேரம் 72 மணி நேரக் கணக்கிற்கு வெளியே நிற்கிறது. அதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஒப்பந்த வாசகமே.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: "சம்பவம் உறுதிசெய்யப்பட்ட பின் 3 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்" என்பது ஒப்பந்த விதி. வெள்ளிக்கிழமை மாலை ஐயம் எழுகிறது; செவ்வாய்க்கிழமை உறுதியாகிறது; அடுத்த வெள்ளிக்கிழமை கடிதம் வருகிறது. அதற்குள் ஏழு நாட்கள் கடந்துவிட்டன. அதன் பிறகுதான் கட்டுப்பாட்டாளரின் 72 மணி நேரம் தொடங்கும். அது வார இறுதியிலும் ஓடும். ஆய்வுக் குறிப்பில் "3 நாட்கள்" என்று மட்டும் எழுதினால் இந்த இடைவெளி மறைந்துவிடும்.

பிரித்தெடுக்கும் முறை

ஆகவே காலக்கெடுவை நான்கு பகுதிகளாகக் குறிக்க வேண்டும்: அளவு, அலகு, எந்த நிகழ்விலிருந்து தொடங்குகிறது, விதியின் எண். "சம்பவம்", "வேலை நாள்" ஆகியவற்றின் பொருள் பெரும்பாலும் வரையறைப் பகுதியில் இருக்கும். தரவுச் செயலாக்க இணைப்பு ஒரு காலக்கெடுவும் முதன்மை ஒப்பந்தம் வேறொன்றும் சொன்னால், எது மேலோங்கும் என்ற விதியைத் தேடிப் படிக்க வேண்டும்.

தணிக்கை உரிமையும் இவ்வாறே. முதல் வரி உரிமையை வழங்கும். அடுத்த வரி ஆண்டுக்கு ஒருமுறை, 30 நாள் முன்னறிவிப்பு, வாடிக்கையாளர் செலவு என்று அதைச் சுருக்கும். சில ஒப்பந்தங்கள் நேரடி ஆய்வுக்குப் பதிலாக வழங்குநரின் சான்றிதழையே தரும். அப்போது "தணிக்கை உரிமை உண்டு" என்ற பதிவு தவறாகிவிடும். கசிவுக்குப் பின் நேரில் சென்று பார்க்க இயலுமா என்பதே அங்குப் பதிய வேண்டிய விடை.